அறுவடைக் கால விருந்து மேசை: சுரைக்காய், உலர்ந்த இலை, மெழுகுவர்த்தி கொண்டு அலங்கரிக்கும் முறை

கனடாவில் தேங்ஸ்கிவிங் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை வருகிறது. 1957 முதல் இந்த ஏற்பாடுதான். அப்படியென்றால் அது எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையே விழும். அந்த வார இறுதியில் ஒன்டாரியோவில் மாலை ஆறரை மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். வெளியே ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. உள்ளே அடுப்பில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும். விருந்தினர் வரும்போது வெளியே இருட்டியிருக்கும். மேசையில் மெழுகுவர்த்தி வெளிச்சமும், அந்தப் பருவத்துச் சுரைக்காய்களும், சிவந்து உலர்ந்த இலைகளும் இருந்தால் அறுவடை முடிந்த மண்ணின் ஒரு துண்டே வீட்டுக்குள் வந்ததுபோல் இருக்கும்.

இந்த மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. சுரைக்காய்க்குள் ஈரம் இருக்கிறது. அழுகினால் விரிப்பை நனைத்துவிடும். இலை சருகானது, சட்டென்று தீப்பற்றும். மெழுகுவர்த்தி எரியும் நெருப்பு. மூன்றையும் சில மணி நேரம் ஒரே மேசையில் நிம்மதியாக வைத்திருப்பதுதான் இந்த அலங்காரத்தின் முழு வேலை. அழகு அதற்குப் பிறகு தானாக வந்து சேரும். எட்டுப் பேர் அமரும் ஒரு மேசையை எடுத்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு முன்பிருந்து விருந்து முடிந்த மறுநாள் வரை நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அளவு நாடா

எதையும் வாங்குவதற்கு முன் மேசையை அளந்துவிட வேண்டும். என் மேசை 180 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம். பக்கத்துக்கு மூன்று பேர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என்று எட்டுப் பேர் அமரலாம். ஒரு சாப்பாட்டுத் தட்டு சுமார் 27 செ.மீ. விட்டம் உடையது. விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் 30 செ.மீ. போய்விடும். இருபுறமும் சேர்த்து 60. மீதி 30 செ.மீ. அதிலும் தண்ணீர்க் கோப்பைகள் எட்டிப் பார்க்கும் என்பதால் 25 செ.மீ. மட்டுமே என்று வைத்துக்கொள்கிறேன். நீளத்தில் இரு முனைகளிலும் உட்காருபவர்களுக்குத் தலா 35 செ.மீ. விட்டால் நடுவில் 110 செ.மீ. கிடைக்கிறது.

ஆக, அலங்காரத்துக்கு எனக்குக் கிடைத்திருக்கும் இடம் 110-க்கு 25 செ.மீ. கொண்ட ஒரு பட்டை. அதையும் முழுதாக நிரப்பக் கூடாது. உருளைக்கிழங்கு மசியலும் கிரான்பெரி தொக்கும் கைமாற்றிக் கைமாற்றி வரும்போது, அந்தப் பாத்திரங்களை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே! முதல் ஆண்டு நான் பட்டை முழுவதையும் இலையால் நிரப்பிவிட்டேன். விருந்தினர் ஒருவர் சூடான பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடி நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு பட்டையை மூன்று தீவுகளாகப் பிரிக்கிறேன். நடுவில் 36 செ.மீ. அகலத் தீவு ஒன்று. அதற்கு இருபுறமும் 22 செ.மீ. வெற்றிடம், ஒரு பாத்திரம் உட்காரும் அளவுக்கு. அதற்கப்பால் இரு முனைகளிலும் 15 செ.மீ. அளவில் சின்னத் தீவுகள். எல்லாம் கூட்டினால் 110 வரும். வான்கோழித் தட்டு பக்கவாட்டு மேசைக்குப் போய்விடும்.

உயரத்துக்கு நாடா வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். மணிக்கட்டு எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை. ஏறத்தாழ 25 செ.மீ. வரும். அதற்கு மேல் ஒரு பொருள் உயர்ந்தால் எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும். எட்டிப் பார்த்துப் பேச வேண்டியிருந்தால் பேச்சு பக்கத்து நாற்காலியோடு நின்றுவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்: சுரைக்காய் தேர்வு

செப்டம்பர் நடுவிலிருந்தே பண்ணைக் கடைகளிலும், செயின்ட் ஜேக்கப்ஸ் போன்ற உழவர் சந்தைகளிலும் மரப்பெட்டிகள் நிறைய அலங்காரச் சுரைகள் வந்துவிடும். கழுத்து வளைந்தவை, கிண்ணம்போல் தட்டையானவை, பாதி பச்சை பாதி மஞ்சளானவை, உடம்பெல்லாம் மருக்கள் எழுந்தவை என்று பார்க்கப் பார்க்கத் தீராது. பெயர்தான் சுரை. நம் ஊர்ச் சுரைக்காய் வேறு இனம். இவை பெரும்பாலும் பூசணி வகையைச் சேர்ந்தவை, அமெரிக்கக் கண்டத்தின் பூர்வீகப் பயிர்கள். உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் பூசணிகளும் அதே பெட்டியில் கிடைக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுரைக்காய் கூட்டும் பரங்கிக்காய்ப் பச்சடியும் செய்து பழகிய கை, விருந்து முடிந்ததும் இவற்றை வெட்டிச் சமைக்கப் பார்க்கும். கூடாது. அலங்காரச் சுரைகள் பலவற்றில் கடுங்கசப்புப் பொருள் ஒன்று இருக்கிறது. கிராமத்தில் பேய்ச்சுரை என்று ஒதுக்குகிறோமே, அந்தக் கசப்பும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வயிற்றைப் புரட்டி வாந்தியும் பேதியும் வரவழைக்கும். வீணாகக் கூடாது என்று நினைப்பவர்கள் அலங்காரத்துக்கே ஏகார்ன், பட்டர்நட், கபோச்சா போன்ற உண்ணும் வகைகளை வாங்கிவிடலாம். அவற்றின் கரும்பச்சையும் மண்நிறமும் மேசைக்கு நன்றாகவே பொருந்தும். விருந்துக்கு மறுவாரம் சாம்பாரிலும் போடலாம்.

வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு இடங்கள். முதலாவது காம்பு. அது உறுதியாக, உலர்ந்து, ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காம்பு உடைந்த காய்க்குத் தலையில் திறந்த புண் என்று பொருள்; அந்த வழியாகத்தான் அழுகல் இறங்கும். அதனால் காயைத் தூக்கும்போதும் காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டாவது அடிப்பக்கம், பூ உதிர்ந்த வடு இருக்கும் இடம். கட்டைவிரலால் அங்கே அழுத்திப் பாருங்கள். மரம்போல் எதிர்த்தால் நல்ல காய். இலேசாக உள்வாங்கினால் அது மூன்று வாரம் தாங்காது. தோலில் தண்ணீர் ஊறியதுபோல் கண்ணாடித்தன்மையுடன் திட்டுகள் தெரிந்தால் அந்தக் காய் வயலிலேயே உறைபனியில் அடிபட்டிருக்கிறது. அதையும் விட்டுவிடுங்கள்.

எத்தனை வேண்டும்? என் மூன்று தீவுகளுக்கு 15 செ.மீ. அகலத்தில் பெரியது ஒன்று, கழுத்து வளைந்தவை மூன்று, குட்டிப் பூசணிகள் ஐந்து. கூடுதலாக இரண்டு வாங்கி வைக்கிறேன், ஏனென்றால் எப்படியும் ஒன்று கெட்டுவிடும். நிறத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள். பெட்டியின் முன் நின்றால் எல்லா நிறத்தையும் அள்ளத் தோன்றும். மேசையில் இலைகள் சிவப்பும் ஆரஞ்சுமாக வரப்போகின்றன என்பதால் நான் காய்களை வெள்ளை, வெளிர்மஞ்சள், பச்சை ஆகிய மூன்று நிறங்களுக்குள் நிறுத்திக்கொள்கிறேன். ஆரஞ்சு இலையின் மேல் ஆரஞ்சுப் பூசணி வைத்தால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகக் கரைந்துபோகும். வெள்ளைக் குட்டிப் பூசணி அதே வெளிச்சத்தில் நிலவுபோல் எடுபடும்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டல். ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர். அதில் காய்களைச் சில நிமிடம் முக்கி, மென்மையான துணியால் துடைத்து, ஒன்றையொன்று தொடாமல் செய்தித்தாளின் மேல் ஒருநாள் முழுக்க உலர வைக்க வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் மண்ணோடு பூஞ்சை வித்துகளும் போய்விடும். ஈரம் காம்படியில் தங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பிறகு 10 முதல் 15 டிகிரி வரை இருக்கும் இடத்தில் வைக்கிறேன். என் வீட்டில் அது நிலவறைப் படிக்கட்டின் ஓரம். வெளி வராந்தாவில் விட்டுவிட்டால் ஒரே இரவு உறைபனியில் எல்லாம் வீணாகிவிடும்.

பலர் சுரையின் தலையில் துளையிட்டு மெழுகுவர்த்தியைச் செருகுகிறார்கள். படத்தில் அழகாக இருக்கும். ஆனால் தோலில் துளை விழுந்தால் காயின் ஆயுள் வாரக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் சதை நெகிழ்ந்து மெழுகுவர்த்தி சாயத் தொடங்கும். எரியும் ஒன்றை அழுகும் ஒன்றின் மேல் நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்: இலை

இலைக்குத் தேதி நம் கையில் இல்லை. டொரண்டோ நகரத்து மரங்கள் முழு நிறத்துக்கு வருவது பெரும்பாலும் தேங்ஸ்கிவிங் கழிந்த பிறகுதான். வடக்கே மேட்டுப் பகுதிகளில் சர்க்கரை மேப்பிள் செப்டம்பர் கடைசியிலேயே எரியத் தொடங்கிவிடும். ஆகவே செப்டம்பர் இறுதியில் வடக்கே போகிறவர் யாராவது இருந்தால் சொல்லி வைக்க வேண்டும். தனியார் வீட்டு முற்றமோ சாலையோரமோ நல்லது. தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து இலையோ கொட்டையோ எடுத்து வரக் கூடாது, அது விதி. நகரத்துக்குள்ளும் ஆங்காங்கே ஒரு செம்மேப்பிள் முந்திக்கொண்டு சிவந்து நிற்கும். காலை நடையில் கண்டுவைத்துக்கொள்ளலாம்.

நகரத் தெருக்களில் மிகுதியாக நிற்பது நார்வே மேப்பிள். அதன் இலைக்காம்பை ஒடித்தால் பால் வரும். அது மற்றவற்றைவிடத் தாமதமாக மஞ்சளாகும். இலைகளில் தார் தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் விழுந்திருக்கும்; அது ஒரு பூஞ்சை. மேசைக்கு அது வேண்டாம். ஓக் இலை தடித்தது, தோல்போன்றது, பழுப்பானாலும் வடிவம் கெடாது. சிவப்பு மேப்பிளுக்கு அடியில் நிழல்போல் இரண்டு ஓக் இலை இருந்தால் அந்தச் சிவப்பு இன்னும் கூடித் தெரியும்.

மழை ஓய்ந்து ஒருநாளாவது வெயில் அடித்த பிறகு, அன்றைக்கு உதிர்ந்த இலைகளை எடுங்கள். இன்னும் வளைந்து கொடுக்க வேண்டும். மடித்தால் நொறுங்கும் இலைக்கு இனி எதுவும் செய்ய முடியாது. எத்தனை என்று கேட்டால், மூன்று தீவுகளின் பரப்புக்கு முப்பது போதும், நாற்பது எடுக்கிறேன். வீட்டுக்குள் கொண்டுவரும் முன் ஒவ்வொன்றையும் உதறிவிட்டு, ஓரிரவு கராஜில் விட்டுவைத்தால் ஒளிந்திருக்கும் பூச்சிகள் வெளியே போய்விடும்.

இலையை அப்படியே மேசையில் பரப்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் வெப்பமூட்டி ஓடத் தொடங்கியதும் வீட்டுக் காற்று வறண்டுவிடும். காலையில் பட்டுபோல் கிடந்த இலைகள் மாலைக்குள் முட்டை ஓடுகள்போல் சுருண்டு எழுந்து நின்றன. நிறமும் மங்கிப்போயிற்று. அதனால் இப்போது தேன்மெழுகில் தோய்க்கிறேன். மெழுகுப் படலம் இலையைக் காற்றிலிருந்து மூடிவிடுவதால் நிறமும் வடிவும் வாரக் கணக்கில் நிற்கின்றன. கிளிசரினில் ஊற வைக்கும் முறையும் உண்டு. அதில் இலை துணிபோல் நெகிழ்ந்திருக்கும், ஆனால் சிவப்பு மங்கிப் பழுப்பை நோக்கிப் போய்விடும். எனக்கு அந்தச் சிவப்பு வேண்டும்.

மெழுகில் இடும் முன் இலைகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் அடுக்கி, கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். தட்டையாவது ஒரு பயன். மேல்ஈரம் முழுவதும் போவது அதைவிடப் பெரிய பயன். ஈரமுள்ள இலை சூடான மெழுகில் பட்டதும் சீறித் தெறிக்கும்.

நாற்பது இலைக்கு அரைக் கிலோ தேன்மெழுகு தாராளம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அதை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குச் சற்று முன்பாக நிறுத்தி, அதற்குள் இன்னொரு பழைய பாத்திரத்தை வைத்து அதில் மெழுகை உருக்குங்கள். அந்தப் பாத்திரம் இனிச் சமையலுக்கு ஆகாது. பக்கத்தில் அதற்குப் பொருந்தும் ஒரு மூடியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மெழுகில் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ வெடித்துப் பரவும்.

மெழுகு சுமார் 75 டிகிரிக்கு வந்ததும் வேலை தொடங்கலாம். காம்பைப் பிடித்து இலையை முழுதாக முக்கி, ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். முனையிலிருந்து மெழுகு சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்துக்குள்ளேயே வடியும்; இலேசாக உதறினால் கடைசிச் சொட்டும் விழும். தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்த நொடியில் இலை கண்ணாடி பூசியதுபோல் இருக்கும். நடு நரம்பிலிருந்து கிளைக்கும் மஞ்சள் கோடுகளும், விளிம்பில் கருஞ்சிவப்பாக இறுகிய நிறமும், நடுவே மிச்சமிருக்கும் ஒரு துளிப் பச்சையும் தெரியும். அரை நிமிடத்தில் பளபளப்பு அடங்கி, தேன் வாசனையோடு பட்டின் மினுக்கம் மட்டும் நிற்கும். பேக்கிங் தாளின் மேல் வரிசையாகப் போட்டுவிடுங்கள்.

சரியாக வருகிறதா என்பதை இலையே சொல்லிவிடும். மேலே வெண்மையாகத் தடித்துப் படிந்தால் மெழுகு ஆறிவிட்டது. சற்றுச் சூடாக்கி மறுபடியும் முக்கினால் அந்த வெள்ளை கரைந்துவிடும். விளிம்பு சட்டென்று பழுப்பாகச் சுருங்கினால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது கை தாமதித்துவிட்டது. அந்த இலையைக் காப்பாற்ற முடியாது. மீந்த மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும். பாத்திரத்திலேயே உறையவிட்டு அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

ஓக் கொட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொப்பியோடு இருக்கும் அந்தக் கொட்டைகள் எல்லோருக்கும் பிடிக்கும். முதல் முறை நான் பொறுக்கி வந்து அப்படியே வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளை விரிப்பின் மேல் வெள்ளைப் புழு ஒன்று நெளிந்து போய்க்கொண்டிருந்தது. கொட்டைக்குள் வளரும் ஒருவகை வண்டின் புழு அது. அறை வெப்பத்தில் ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இப்போது கொட்டைகளை 95 டிகிரி அவனில் ஒரு தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உலர்த்திய பிறகுதான் மேசைக்குக் கொண்டுவருகிறேன். துளை விழுந்தவற்றை முன்பே எறிந்துவிடலாம். ஆரஞ்சு நிறத்தில் காய்க்கும் பிட்டர்ஸ்வீட் கொடி அழகுதான். அதன் பழம் நஞ்சு. குழந்தைகள் வரும் வீட்டுக்கு வேண்டாம்.

நெருப்புக்கு இடம்

எரியும் மெழுகுவர்த்திக்கும் தீப்பற்றும் பொருளுக்கும் இடையே 30 செ.மீ. இருக்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு அளவு. என் பட்டையின் அகலமே 25 செ.மீ.தான். ஆகவே இலையுள்ள மேசையில் திறந்த சுடருக்கு இடமே இல்லை என்றுதான் கணக்கு சொல்கிறது. மெழுகில் தோய்த்த இலை சாதாரணச் சருகைவிட வேகமாகப் பற்றும். அது கிட்டத்தட்ட ஒரு திரி. அதனால் என் மேசையில் எல்லாச் சுடரும் கண்ணாடிக்குள்தான். இலைகள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே, மேசையோடு படிந்து தட்டையாகக் கிடக்கும். கண்ணாடிக்குள் இலையைச் சுற்றி வைக்கும் வழக்கத்தை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

நடுத் தீவுக்கு 12 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடி உருளை ஒன்று. அதற்குள் 7.5 செ.மீ. விட்டத்தில், 10 செ.மீ. உயரத்தில் ஒரு பருத்த மெழுகுவர்த்தி. சுற்றிலும் இரண்டு செ.மீ.க்குக் குறையாமல் காற்றுக்கு இடைவெளி இருக்கும். இடைவெளி போதவில்லை என்றால் சுடர் மூச்சுத் திணறும். கண்ணாடியின் உட்புறத்தில் கரி படியத் தொடங்குவது அதற்கு அடையாளம். முனைத் தீவுகளுக்குத் தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில் சின்ன அகல் மெழுகுவர்த்தி ஒவ்வொன்று. அது சுமார் நான்கு மணி நேரம் எரியும், விருந்துக்குப் போதும். எரிந்து முடியும் நேரத்தில் கிண்ணத்தின் அடி நன்றாகச் சூடேறும். கீழே ஒரு கோப்பைத் தட்டு வையுங்கள்.

வாசனை மெழுகுவர்த்தி சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். வெந்த வான்கோழியும் சேஜ் இலையும் மணக்கும் இடத்தில் செயற்கை இலவங்கப்பட்டை வாசனை போட்டியிட்டால் இரண்டுமே கெடும். தேன்மெழுகில் செய்தது கிடைத்தால் நல்லது, புகை குறைவு. விலை கூடுதல்தான்.

பருத்த மெழுகுவர்த்தியைப் புதிதாக மேசையில் ஏற்றாதீர்கள். முதல் நாளே சமையலறையில் கண்ணெதிரே வைத்து மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். உருகிய மெழுகு விளிம்பு வரை பரவ வேண்டும். முதல் முறை பாதியில் அணைத்தால் நடுவில் கிணறுபோல் குழி விழுந்து, அடுத்த முறையும் சுடர் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடும். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் திரியை ஆறு மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள். நீளத் திரிதான் புகைக்குப் பெரிய காரணம்.

அதையும் மீறிச் சுடர் ஆடினால் தரையைப் பாருங்கள். இங்குள்ள பல வீடுகளில் தரையிலோ சுவரடியிலோ வெப்பக் காற்று வரும் துளை இருக்கும். வெப்பமூட்டி ஓடும்போது மட்டும் சுடர் சாய்ந்தால் காரணம் அதுதான். மேசைப் பக்கத்துத் துளையின் தடுப்பை விருந்து முடியும் வரை மூடி வையுங்கள். கூரையிலிருந்து தொங்கும் விளக்கு உருளைக்கு நேர்மேலே வந்தால் உருளையைச் சற்றுத் தள்ளுங்கள். கண்ணாடி வாயிலிருந்து எழும் சூடு கையைச் சுடும் அளவுக்கு இருக்கும். தவழும் குழந்தையோ மேசைமேல் தாவும் பூனையோ இருக்கும் வீட்டில் பாட்டரி மெழுகுவர்த்தியே சரி.

முந்தின நாள் மாலை: அடுக்குதல்

சாப்பாட்டுத் தட்டுகளையும் கோப்பைகளையும் முதலில் வைத்துவிடுங்கள். காலியான மேசையில் அடுக்கினால் அலங்காரம் தானாகவே பரவி, பிறகு தட்டுக்கு இடமிராது. விரிப்புக்கு வெளுக்காத பருத்தியோ லினனோ நன்றாக இருக்கும். பூப்போட்ட விரிப்பில் இலை தொலைந்துபோகும்.

நடுத் தீவில் கண்ணாடி உருளையை மையத்திலிருந்து சற்று ஓரமாக நிறுத்துகிறேன். ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு மறுபக்கம் 15 செ.மீ. பெரிய காய். மொத்தம் 32 செ.மீ., 36-க்குள் அடங்கிவிட்டது. இரண்டையும் சரிசமமாக எதிரெதிரே வைத்தால் காவலாளிகள்போல் நிற்கும். பெரிய காயை முன்னும் உருளையைச் சற்றுப் பின்னுமாக நகர்த்தினால் போதும். கழுத்து வளைந்த சுரைகளில் இரண்டைப் பெரிய காயின் மேல் சாய்த்து வைக்கிறேன். ஒன்றின் கழுத்து வாசலைப் பார்த்தால் மற்றொன்று சன்னலைப் பார்க்க வேண்டும். எல்லாக் காம்பும் ஒரே திசையில் நின்றால் கடையில் அடுக்கியதுபோல் தெரியும். உருளும் காயின் அடியில் சணல் கயிற்றைச் சுருட்டி மோதிரம்போல் வைத்தால் அசையாது, வெளியே தெரியவும் தெரியாது.

ஒவ்வொரு காயின் அடியிலும் காயைவிடச் சிறியதாக வட்டமாக வெட்டிய பேக்கிங் தாள் கட்டாயம். நன்றாக இருந்த காய்கூட அடியில் நெகிழ்ந்து ஓரிரவில் நீர் விடும். என் மர மேசையில் ஒரு வெள்ளை வளையம் இன்றும் இருக்கிறது, அந்தத் தாளை மறந்த ஆண்டின் அடையாளமாக.

இலை கடைசியில்தான். காய்களின் விளிம்புக்கு அடியில் காம்பைச் செருகி, நுனி வெளியே நீளும்படி வைத்தால் காய் இலைக்குள்ளிருந்து முளைத்ததுபோல் இருக்கும். முதலில் ஓக், அதன் மேல் மேப்பிள். உருளையைச் சுற்றி ஒரு விரற்கடை வெறும் துணி தெரியட்டும். சூடான கண்ணாடியில் பட்டால் இலையின் மெழுகு இளகி விரிப்பில் ஒட்டும். முனைத் தீவுகளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், இரண்டு குட்டிப் பூசணி, மூன்று இலை, நாலைந்து ஓக் கொட்டை. மீதியிருக்கும் குட்டிப் பூசணியையும் வளைந்த சுரையையும் பக்கவாட்டு மேசையில் வான்கோழித் தட்டின் அருகே வைத்துவிடுவேன்.

பிறகு எல்லா நாற்காலியிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும் மேசை வேறு, உட்கார்ந்து பார்க்கும் மேசை வேறு. போன ஆண்டு கால்மாட்டு நாற்காலியிலிருந்து பார்த்தால் சுரையின் கழுத்து ஒன்று எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி வைக்க ஒரு நொடிதான் ஆயிற்று.

விருந்து நேரமும் மறுநாளும்

விருந்தினர் மேசைக்கு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏற்றுங்கள். அறை விளக்குகளை முழுவதும் அணைத்துவிட வேண்டாம். மூன்று சுடர் வெளிச்சத்தில் வான்கோழித் துண்டின் எலும்பு தெரியாது. பக்கவாட்டு விளக்கு ஒன்றை மங்கலாக எரியவிட்டால் முகங்களும் தெரியும், சுடரும் எடுபடும். எல்லோரும் மேசையை விட்டு எழுந்து வரவேற்பறைக்குப் போகும்போது சுடரையும் அணைத்துவிட வேண்டும்.

விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் பழக்கமே வழிகாட்டும். உருளைக்குள் ஊதினால் உருகிய மெழுகு கண்ணாடியெங்கும் தெறித்துவிடும். நீளக் காம்புள்ள உலோகத் தொப்பி ஒன்றைச் சுடரின் மேல் கவிழ்த்தால் சத்தமில்லாமல் குளிர்ந்துவிடும். விரிப்பில் சொட்டிய மெழுகை அன்றிரவே சுரண்டாதீர்கள். ஐஸ் துண்டு வைத்து இறுகவிட்டு, கரண்டிக் காம்பால் பெயர்த்தால் தகடுபோல் வந்துவிடும்.

மறுநாள் காய்களின் அடியை மறுபடியும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். உறுதியானவை சன்னலோரம் போகும், நவம்பர் வரை இருக்கும். நெகிழ்ந்தவை உரக்குழிக்கு. மெழுகு இலைகளைச் செய்தித்தாளுக்கு இடையில் அடுக்கி ஒரு பெட்டியில் போட்டுக் குளிர்ந்த அலமாரியில் வைத்துவிடுவேன். நல்ல சிவப்பாக நின்ற ஓரிரண்டு இலைகளை மட்டும், விருந்துக்கு வந்த குழந்தைகள் கேட்டால் கையில் கொடுத்தனுப்புவதுண்டு.